போன் சார்ஜ் ஏறவில்லை: புது அடாப்டர் வாங்கியும் அதே கதை

ஓவர்லாக் தம்பி · திங்கள், இரவு 9.52

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். போன் வாங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. டைப்-சி போர்ட், கூடவே வந்த 33 வாட் சார்ஜர். மூன்று வாரமாகச் சார்ஜ் தகராறு. ஒயரைச் செருகினால் சில நேரம் ஏறும், சில நேரம் ஏறாது. கொஞ்சம் மேல்பக்கமாக வளைத்துப் பிடித்தால் ஏறுகிறது, கையை எடுத்தால் நின்றுவிடும். ஒயரைப் போனின் முதுகில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுத்தான் ஒரு வாரம் ஓட்டினேன். அப்படி ஏறினாலும் ஒரு மணி நேரத்துக்குப் பத்து சதவீதம்தான்.

ரூமில் நண்பனிடம் இரண்டு முனையும் டைப்-சி உள்ள ஒயரும் அதற்கான அடாப்டரும் இருக்கிறது. அதைப் போட்டால் சார்ஜ் குறியே வரவில்லை. அதே செட் அவன் போனில் ஜம்மென்று ஏறுகிறது. என் சார்ஜர்தான் போய்விட்டதோ என்று 650 ரூபாய்க்குப் புது அடாப்டர் வாங்கிப் பழைய ஒயரோடு போட்டேன். அதே கதை. நேற்று ஒரு கடையில் காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "சார்ஜிங் போர்டு போச்சு, 1,400 ஆகும்" என்றார்கள். சம்பளம் சனிக்கிழமைதான். அதற்குள் நானே ஏதாவது செய்து பார்க்க முடியுமா? போன் தண்ணீரிலும் விழவில்லை, தரையிலும் விழவில்லை.

நைட் ஷிப்ட் · திங்கள், இரவு 10.15

எனக்கும் இதேதான் தம்பி. 80 வரை நன்றாக ஏறும், அப்புறம் நகரவே நகராது. காலையில் எடுத்துப் பார்த்தாலும் அதே 80. என் போர்ட்டும் போய்விட்டதா?

பாலிடெக்னிக் மூன்றாம் வருஷம் · திங்கள், இரவு 10.21

நைட் ஷிப்ட் அண்ணா, உங்களுடையது வேறு விஷயம். செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குள் போய்ப் பாருங்கள், பேட்டரி பாதுகாப்பு என்று ஒன்று ஆனில் இருக்கும். 80-இல் நிறுத்துவது அதன் வேலை. உங்கள் போனில் ஒரு கோளாறும் இல்லை.

ரிட்டயர்டு லைன்மேன் · திங்கள், இரவு 10.40

தம்பி, போர்ட்டில் அழுக்குதான். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இதற்கு எதற்கு 1,400 ரூபாய்? ஒரு ஊக்கை எடுத்து நிமிர்த்தி உள்ளே விட்டு நாலு சுரண்டு சுரண்டினால் போதும். பழைய சின்ன பின் போன் காலத்திலிருந்து நான் அப்படித்தான் செய்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. சுரண்டிவிட்டு வாயால் நன்றாக ஊதிவிடுங்கள்.

மொபைல் பாய் · திங்கள், இரவு 11.05

லைன்மேன் ஐயா சொன்னதில் முதல் பாதி சரி. ஊக்கு வேண்டாம் தம்பி, காரணத்தை அப்புறம் சொல்கிறேன். திண்டுக்கல்லில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பணம் செலவு செய்வதற்கு முன்னால் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

பேக் கவரைக் கழற்றிவிட்டு ஒயரைச் செருகுங்கள். கவரின் ஓட்டை சின்னதாக இருந்தாலே பின் முழுசாக உள்ளே போகாது, அதற்கே போர்டு மாற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு. கடைசியில் 'டிக்' என்று ஒரு பிடிப்பு கிடைக்கிறதா, போனைத் தலைகீழாகப் பிடித்தால் ஒயர் தானாக நழுவுகிறதா என்று பாருங்கள். இது ஒன்று.

இரண்டாவது, அதே ஒயரை நண்பன் போனில் செருகி, பின்னின் உலோகம் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பக்கவாட்டில் பாருங்கள். பிறகு உங்கள் போனில் பாருங்கள். போனுக்குப் போன் துளி மாறும். ஆனால் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, பின்னைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். டைப்-சி எந்தப் பக்கம் போட்டாலும் ஏறவேண்டும். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் ஏறவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

சார்ஜரைச் சந்தேகப்பட்டது நியாயம்தான், ஆனால் நீங்கள் மாற்றியது அடாப்டரை மட்டும். பழைய ஒயர் அப்படியே இருந்தது. பொதுவாக முதலில் சாவது ஒயர்தான், கழுத்தில் மடங்கி மடங்கி உள்ளே கம்பி அறும். அடாப்டர் அவ்வளவு சீக்கிரம் போகாது. அந்தப் பழைய ஒயரை நண்பன் போனில் போட்டு, கழுத்தை லேசாக ஆட்டிப் பாருங்கள். சார்ஜ் விட்டு விட்டு வந்தால் ஒயர், விடாமல் ஏறினால் உங்கள் போன்.

ஓவர்லாக் தம்பி · செவ்வாய், காலை 7.10

நன்றி பாய். எல்லாம் பார்த்துவிட்டேன். கவரைக் கழற்றியும் டிக் சத்தம் இல்லை, பஞ்சு மூட்டையில் குத்தியது போல மெத்தென்று நிற்கிறது. தலைகீழாகப் பிடித்தால் ஒயர் விழுந்துவிடுகிறது. நண்பன் போனில் உலோகம் மெல்லிய கோடாகத்தான் தெரிகிறது. என்னுடையதில் ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு வெளியே நிற்கிறது. திருப்பிப் போட்டாலும் அதே கதை. பழைய ஒயர் நண்பன் போனில் எவ்வளவு ஆட்டினாலும் விடாமல் ஏறுகிறது.

ஒன்றுதான் புரியவில்லை. உள்ளே அடைப்பு என்றால், என் ஒயரில் மட்டும் எப்படிக் கொஞ்சமாவது ஏறுகிறது? இரண்டு முனையும் சி உள்ள ஒயரில் ஏன் துளிகூட இல்லை?

பாலிடெக்னிக் மூன்றாம் வருஷம் · செவ்வாய், காலை 8.02

இது எனக்குப் பிடித்த கேள்வி. போர்ட்டுக்குள் டார்ச் அடித்தால் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு தெரியும். அதன் மேலும் கீழும் வரிக்குப் பன்னிரண்டாக மொத்தம் 24 தங்கக் கோடுகள். எல்லாக் கோடும் ஒரே நீளம் இல்லை. கரண்டும் எர்த்தும் வருகிற கோடுகள் வாசல் பக்கம் கொஞ்சம் நீண்டிருக்கும், அவைதான் முதலில் தொடவேண்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். சார்ஜரோடு பேசுகிற கோடுகள் குட்டை. பின் முக்கால்வாசி மட்டும் போனால் கரண்டு கோடு தொட்டுவிடும், பேச்சுக் கோடு தொடாது.

உங்கள் பழைய ஒயரின் மறுமுனை அகலமான பழைய மாதிரி. அந்த அடாப்டர் யாரையும் கேட்காமல் 5 வோல்ட்டை எப்போதும் விட்டுக்கொண்டே இருக்கும். கரண்டு கோடு தொட்டதும் சில போன்கள் சரி, வருவதை வாங்கிக்கொள்வோம் என்று மெதுவாக ஏற்றும். எவ்வளவு தரலாம் என்று பேசிக்கொள்ள வழியில்லாததால் வேகம் வராது. இரண்டு முனையும் சி உள்ள ஒயருக்கான அடாப்டர் அப்படியில்லை. அந்தப் பக்கம் ஒரு போன் இருக்கிறது என்று பேச்சுக் கோட்டின் வழியாகத் தெரிந்த பிறகுதான் வோல்ட்டேஜையே திறக்கும். தெரியவில்லை என்றால் பூஜ்யம். அதனால்தான் நண்பன் சார்ஜர் செத்தது போல நடந்துகொண்டது.

மொபைல் பாய் · செவ்வாய், காலை 9.30

படிக்கிற பிள்ளை சரியாகச் சொல்லிவிட்டது. கடையில் நாங்கள் இவ்வளவு விளக்குவதில்லை. பழைய ஒயரில் மெதுவாக ஏறுது, சி-டு-சியில் ஏறலை, பின் வெளியே துருத்துது என்றால் முதலில் சுத்தம் செய்து பார்ப்போம், பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர்.

அதுவும் திருப்பூர், பனியன் கம்பெனி. காற்றில் பறக்கிற பஞ்சு முழுக்கப் பாக்கெட்டில்தான் அடையும். அது போர்ட்டில் விழும், நீங்கள் தினமும் இரண்டு தடவை பின்னைச் செருகி உலக்கை போட்டு இடிப்பது போல அடியில் இடித்துவிடுகிறீர்கள். இரண்டு வருடத்தில் அது பஞ்சாக இருக்காது, கம்பளி மாதிரி கெட்டியாகிவிடும். வெளியிலிருந்து டார்ச் அடித்தால் போர்ட்டின் அடித்தளம் போலவே தெரியும். சுத்தமாக இருக்கிறதே என்று பலர் ஏமாறுவது இங்கேதான். உண்மையான அடி கறுப்பாக, வழவழப்பாக, வெளிச்சம் பட்டால் மினுங்கும். மங்கலாக, சாம்பல் நிறமாக இருந்தால் அது தூசி.

ஓவர்லாக் தம்பி · செவ்வாய், மதியம் 1.20

டார்ச் அடித்துப் பார்த்தேன். மங்கல்தான், மினுங்கவே இல்லை. பாய், கம்பெனியில் மெஷினைச் சுத்தம் செய்ய ஏர் கன் இருக்கிறது. மதிய இடைவேளையில் அதைப் போர்ட்டில் ஒரு தடவை அடித்துவிடட்டுமா?

ரிட்டயர்டு லைன்மேன் · செவ்வாய், மதியம் 1.34

தாராளமாக அடியுங்கள். ஊக்கை விட அது மேல்.

மொபைல் பாய் · செவ்வாய், மதியம் 1.41

தம்பி வேண்டாம், வேண்டாம். கம்ப்ரசர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும். மெஷினில் அடிக்கும்போது உங்கள் கையில் படுமே அந்தப் பிசுக்கு, அதேதான். போர்ட்டுக்குப் பக்கத்திலேயே மைக் ஓட்டையும் ஸ்பீக்கர் வலையும் இருக்கிறது, அந்த வேகத்துக்குத் தாங்காது. அப்புறம் மைக் வேலை செய்யவில்லை என்று இன்னொரு இழை தொடங்குவீர்கள். இத்தனைக்கும் இடித்து இறுகின பஞ்சு காற்றுக்கு அசையவே அசையாது. வாயால் ஊதுவதும் அப்படித்தான், எச்சில் ஈரம்தான் உள்ளே போகும்.

ஊக்கு ஏன் வேண்டாம் என்றேனே, அந்த நாக்கு 0.7 மில்லிமீட்டர் கனம்தான். அதற்கு மேலும் கீழும் இருக்கிற இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் இரும்பு முனையை விட்டு நெம்பினால் தங்கக் கோடு கீறும், சில நேரம் பெயர்ந்தே வரும். நாக்கு ஒடிந்தால் அன்றைக்கு நிஜமாகவே சார்ஜிங் போர்டு மாற்றவேண்டியதுதான். நானும் கடையில் ஊசி எடுப்பேன், பொய் சொல்லவில்லை. ஆனால் லென்சுக்குக் கீழே வைத்து எடுப்பேன்.

பல் குத்தும் குச்சியும் அப்படியே போகாது, தடிமன் அதிகம். வீட்டுத் துடைப்பத்திலிருந்து நன்றாகக் காய்ந்த ஒரு ஈர்க்குச்சியை உருவுங்கள். பிளேடால் முனையை உளி மாதிரி சப்பையாகச் சீவுங்கள், விசிட்டிங் கார்டை விடக் கொஞ்சம் தடிமனாக இருந்தால் போதும். முனையை ஊசியாக ஆக்க வேண்டாம், உள்ளே ஒடிந்து மாட்டிக்கொள்ளும்.

போனை சுவிட்ச் ஆஃப் செய்து, போர்ட் தரையைப் பார்க்கிற மாதிரி பிடியுங்கள். குச்சியை வெளிச்சுவரை ஒட்டியே ஓரத்திலிருந்து இறக்குங்கள், நாக்கின் மேல் அழுத்தாதீர்கள். அடியைத் தொட்டதும் கிணற்றில் தூர் வாருகிற மாதிரி உங்கள் பக்கமாக இழுங்கள். நாக்கைச் சுற்றி நாலு பக்கமும். கால் மணி நேரம் ஆகும், அவசரப்படாதீர்கள். கடைசியில் பல் இடுக்கு தேய்க்கிற குட்டி பிரஷ் மெடிக்கலில் கிடைக்கும். அதன் நடுவில் கம்பி இருப்பதால் நுனியைக் குத்தாமல், புதுசாக, உலர்ந்ததாக வைத்து லேசாகத் தட்டி எடுங்கள்.

முத்துநகர் அக்கா · செவ்வாய், மாலை 6.15

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். தூத்துக்குடியில் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறேன். என் போனில் சார்ஜ் போட்டால் தண்ணீர்த் துளி படம் வந்து, போர்ட்டில் ஈரம் இருக்கிறது என்று காட்டி சார்ஜ் ஏற மறுக்கிறது. நனையவே இல்லை. அரிசிப் பானையில் ஒரு ராத்திரி வைத்தேன், அப்புறம் இரண்டு நாள் நன்றாக இருந்தது, மறுபடி வந்துவிட்டது. என்னுடையதும் பஞ்சுதானா?

ரிட்டயர்டு லைன்மேன் · செவ்வாய், மாலை 6.50

அம்மா, அந்த எச்சரிக்கை வந்தால் கண்டுகொள்ளாதீர்கள். ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினால் ஏதாவது ஒரு தடவை ஏறும். 5 வோல்ட் என்ன செய்துவிடும்? நான் 11,000 வோல்ட் லைனில் வேலை பார்த்தவன்.

மொபைல் பாய் · செவ்வாய், இரவு 10.45

ஐயா, 5 வோல்ட் ஆளை ஒன்றும் செய்யாது, போர்ட்டைத்தான் தின்னும். உப்பு ஈரமும் கரண்டும் சேர்ந்தால் தங்கப் பூச்சு கரைந்து உள்ளே பச்சை பிடிக்கும். அதனால் அக்கா, துளி படம் வரும்போது வற்புறுத்திச் செருகாதீர்கள்.

உங்களுடையது பஞ்சு இல்லை, உப்பாக இருக்கலாம். உப்புத் தூள் படிந்தால் அது காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வெயிலில் காயும், ராத்திரி மறுபடி நசநசக்கும். அரிசி அதை எடுக்காது, அரிசி மாவுதான் கூடுதலாக உள்ளே சேரும். சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்று ஒரு லிக்விட் வைத்திருப்போம், 99 சதவீதம் என்று போட்டதைக் கேளுங்கள். போனை ஆஃப் செய்து, பிரஷ் நுனியை மட்டும் அதில் தொட்டு உள்ளே தேய்த்து, ஒரு மணி நேரம் ஃபேன் காற்றில் விட்டுவிட்டு ஆன் செய்யுங்கள். சானிடைசர், சென்ட் எல்லாம் வேண்டாம், அவற்றில் தண்ணீரும் வாசனை எண்ணெயும் உண்டு. டார்ச் அடித்துப் பார்த்து நாக்கில் பச்சையோ கறுப்போ இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

ஓவர்லாக் தம்பி · புதன், இரவு 9.30

பாய்! வந்தது பாருங்கள்.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே இல்லை, தூள் தூளாகக் கொஞ்சம் உதிர்ந்தது. சரி, கடைக்காரர் சொன்னதுதான் உண்மை போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். அப்புறம் வலது ஓரத்தில் குச்சி ஏதோ ஒரு விளிம்பில் மாட்டியது. மெதுவாக இழுத்தால் முழுசாக ஒரு தகடு கழன்று வந்தது. போர்ட்டின் வடிவத்தையே அச்செடுத்தது போல நீள்வட்டம், நடுவில் நாக்கு இருந்த இடத்தில் பள்ளம். வெள்ளைத் துணியில் வைத்துப் பார்த்தேன். மேல் அடுக்கு நேவி ப்ளூ, போன மாதம் முழுக்க அந்த ஆர்டர்தான் ஓடியது. அதற்குக் கீழே சாம்பல், அது அதற்கு முந்தின கிரே மிலாஞ்ச். அடியில் ஒரு சிவப்புக் கோடு. அது எந்த ஆர்டர் என்று சூப்பர்வைசர் அண்ணனைக் கேட்டேன், அவர் சிரித்துவிட்டு டேக் நம்பரோடு சொன்னார்.

இப்போது ஒயர் டிக் என்று போகிறது, தலைகீழாகப் பிடித்தாலும் நிற்கிறது. நண்பனின் சி-டு-சி ஒயரிலும் சார்ஜ் குறி வருகிறது. என் பழைய சார்ஜரில் 22-இல் போட்டேன், அரை மணியில் 64.

ஆனால் ஒரு சங்கடம். பின்னைத் திருப்பிப் போட்டால் ஏறுகிறது, மெதுவாகத்தான். இன்னொரு நாள் அதே 22-இலிருந்து பார்க்கலாம் என்றிருந்தேன், பொறுமை இல்லாமல் சினிமா ஓடவிட்டே சார்ஜைக் கரைத்து இப்போதே போட்டேன். அரை மணியில் 29-தான் வந்தது. `Charging slowly` என்று திரையிலும் காட்டுகிறது.

பாலிடெக்னிக் மூன்றாம் வருஷம் · புதன், இரவு 9.58

அடுக்கு அடுக்காகப் பஞ்சு, மரத்தின் வளையம் எண்ணுவது போல இருக்கிறதே!

ஒரு பக்கம் மட்டும் மெதுவாக என்றால், அந்தப் பக்கத்து வரிசையில் சார்ஜரோடு பேசுகிற கோட்டில் இன்னும் ஏதோ இருக்கிறது. ஒயரில் அந்தக் கம்பிகள் ஒரு ஜோடிதான், பின்னைத் திருப்பும்போது அவை நாக்கின் மறுபக்கத்துக் கோடுகளைத் தொடும். சி-டு-சி ஒயரைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகிறது?

ஓவர்லாக் தம்பி · புதன், இரவு 10.06

இரண்டு பக்கமும் உடனே சார்ஜ் குறி வருகிறது.

பாலிடெக்னிக் மூன்றாம் வருஷம் · புதன், இரவு 10.11

அப்படியானால் ஆள் இருக்கிறது என்று சொல்கிற கோடு இரண்டு பக்கமும் நன்றாக இருக்கிறது. உங்கள் பழைய சார்ஜர் வேகத்துக்குப் பயன்படுத்துவது டேட்டா கோடுகளாக இருக்கலாம். அவற்றில்தான் ஒரு பக்கம் பிரச்சினை என்று நினைக்கிறேன். பின்னின் உள்ளேயும் பஞ்சு ஒட்டியிருக்கலாம், அதையும் பாருங்கள்.

மொபைல் பாய் · புதன், இரவு 11.20

நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். மூன்று வாரமாக வளைத்துப் பிடித்து, ரப்பர் பேண்ட் போட்டு இழுத்ததில் போர்ட்டின் கால் ஒன்று போர்டிலிருந்து சால்டர் விட்டிருக்கலாம். செருகிய பின்னை மேலும் கீழும் லேசாக அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது வேகம் மாறினால் சால்டர், மாறாமல் அப்படியே மெதுவாக இருந்தால் அழுக்கு. அழுக்கு என்றால் ஐபிஏ போட்டு அந்தப் பக்கம் ஒரு தடவை தேய்த்தால் போகும். சால்டர் என்றால் குச்சியால் ஆவதற்கு ஒன்றும் இல்லை. அப்போதும் முழு போர்டு மாற்றணுமா, ஜாக் மட்டும் மாற்றினால் போதுமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். சில போனில் ஜாக் தனியாக மாற்றலாம், சிலவற்றில் முடியாது.

ரிட்டயர்டு லைன்மேன் · வியாழன், காலை 6.30

நான் சொன்ன அழுக்குதான் வந்தது, பார்த்தீர்களா.

முத்துநகர் அக்கா · வியாழன், காலை 8.45

பாய், ஐபிஏ வாங்கித் தேய்த்தேன். பிரஷ் நுனியில் வெளிர்பச்சையாக ஒட்டியிருக்கிறது. நாக்கின் கீழ்ப்பக்கம் இரண்டு கோடு கறுப்பாகத் தெரிகிறது. நேற்று ராத்திரி துளி படம் வரவில்லை, இன்று காலை மறுபடி வந்தது.

மொபைல் பாய் · வியாழன், காலை 9.10

பச்சை வந்துவிட்டதென்றால் பூச்சு போய்விட்டது அக்கா. இன்னும் ஒரு தடவை தேய்த்துப் பார்க்கலாம், கொஞ்ச நாள் ஓடும், ஆனால் அந்தக் கோடு திரும்பி வராது. உங்கள் போனில் ஒயர் இல்லாமல் சார்ஜ் ஏறுகிற வசதி இருக்கிறதா? இருந்தால் போர்ட் மாற்றும் வரை அதில் ஓட்டலாம். போன் மாடல் என்ன?

ஓவர்லாக் தம்பி · வியாழன், இரவு 10.20

அசைத்துப் பார்த்தேன் பாய். ஒரு தடவை வேகம் மாறியது போல இருந்தது, மறுபடி அசைத்தால் மாறவில்லை. எதுவென்று சொல்லத் தெரியவில்லை. இப்போதைக்கு வேகமாக ஏறுகிற பக்கம் எதுவென்று தெரிய, பின்னின் மேல்பக்கத்தில் டெய்லர் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன், அழிந்துவிட்டது. தங்கச்சியின் நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ஐபிஏ வாங்கிவிட்டு எழுதுகிறேன்.